A முகத்திலிருந்து 12 மில்லிமீட்டர்

டிராயிங்கில் ஓர் எஃகுக் கட்டை. நீளம் 100 மில்லிமீட்டர், அகலம் 60, உயரம் 25. நடுவே ஒரு காடி ஓடுகிறது. அதன் இரு பக்கமும் துளைகள். காடியின் தரைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவு 12.00, கூடவே ±0.02. அந்த அளவுக்கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்று விரலை வைத்துப் பின்னோக்கிப் போனால், அது கட்டையின் அடிமுகத்தில் போய் நிற்கும். அங்கே கருத்த முக்கோணம் ஒன்றும், சின்னக் கட்டத்துக்குள் A என்ற எழுத்தும் இருக்கும். நீளவாக்கில் பின்பக்கத்துக்கு B, இடது முனைக்கு C. இந்த மூன்றும்தான் டேட்டம். இந்தப் பொருளில் எதை அளந்தாலும் இந்த மூன்று முகங்களிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று வரைந்தவர் சொல்லிவிட்டார்.

±0.02 என்பது எவ்வளவு? நகலெடுக்கும் தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் காடியின் தரை மேலே போகலாம், அல்லது கீழே இறங்கலாம். அதைத் தாண்டினால் ரிஜெக்ஷன்.

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சிப் பக்கம் பட்டறைகளைக் கடந்து போகிறவர்கள், கண்ணாடிக் கதவுக்குள் கூலன்ட் பீய்ச்சிக்கொண்டு தானாக ஓடும் சி.என்.சி. மெஷின்களைப் பார்த்திருப்பார்கள். புரோகிராம் போட்டுவிட்டால் மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று தோன்றும். உண்மையில் புரோகிராமை ஏற்றிப் பச்சைப் பட்டனை அழுத்தும் வரை நடக்கிற ஒரு வேலைதான் அந்த 12.00 சரியாக வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டறையில் அதற்கு 'ஆஃப்செட் எடுப்பது' என்று பெயர்.

மெஷினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன்னுடைய ஹோம் பொசிஷன். செங்குத்தான ஸ்பிண்டில் கொண்ட வி.எம்.சி. மெஷினில் ஸ்பிண்டில் உச்சிக்குப் போய் நிற்கும் இடத்தை Z பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து கீழே வரவர எண் மைனஸில் பெருகும். 300 மில்லிமீட்டர் இறங்கினால் -300.000. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அது கணக்கு வைத்திருக்கும். ஆனால் ஸ்பிண்டிலில் மாட்டியிருப்பது கட்டையான ஃபேஸ் மில்லா, நீளமான ட்ரில்லா என்பது அதற்குத் தெரியாது. மேஜை மேல் வைஸ் எங்கே இருக்கிறது, ஜாப் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. நாம் சொன்னால்தான் உண்டு.

சொல்ல வேண்டியவை இரண்டு. டூல் எவ்வளவு நீளம் என்பது ஒன்று. ஃபனுக் கன்ட்ரோலில் அது ஒவ்வொரு டூலுக்கும் தனித்தனியாக H1, H2, H3 என்று பதிவாகும். ஜாப்பின் பூஜ்ஜியம் எங்கே என்பது இன்னொன்று. அது G54 என்ற வரியில் X, Y, Z மூன்றாகப் பதிவாகும். புரோகிராம் ஓடும்போது மெஷின் இந்த இரண்டையும் புரோகிராமில் உள்ள எண்ணோடு கூட்டி, எவ்வளவு இறங்குவது என்று முடிவு செய்கிறது.

```
Z(machine) = G54 Z + H + Z(program)
```

இதற்கு மேல் இதில் கணக்கு எதுவும் இல்லை. நடக்கிற தவறெல்லாம் இந்த மூன்றில் எந்த எண்ணில் எது சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் போவதால் நடப்பவைதான்.

நம் கட்டைக்கு வருவோம். அடிமுகம் A, பின்பக்கம் B, இடது முனை C மூன்றும் ஏற்கெனவே மெஷினிங் ஆகி வந்துவிட்டன. மேல்முகம் மட்டும் ரம்பம் அறுத்த கரடோடு இருக்கிறது. வெர்னியரில் பிடித்தால் 26.4 காட்டுகிறது. அதை 25-க்கு ஃபேஸ் செய்து, காடி போட்டு, துளை இட வேண்டும். டூல்கள் மூன்று: T1 ஃபேஸ் மில், T2 10 மில்லிமீட்டர் எண்ட் மில், T3 8.5 மில்லிமீட்டர் ட்ரில்.

இந்த இடத்தில் புதிதாக வேலைக்கு வந்த பையன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

“அண்ணா, கட்டைய வைஸ்ல கட்டிட்டு மேல்பக்கத்தையே தொட்டு ஜீரோ போட்டுட்டா வேலை சீக்கிரம் முடியுமேங்ணா?”

“டிராயிங்ல மேல்பக்கத்துக்கு ஏதாவது எழுத்து போட்டிருக்காப்பா?”

“இல்லீங்ணா.”

“அப்பறம் அதை எதுக்குத் தொடறே?”

செட்டர் கேட்பது கடுமையாகப் பட்டாலும், விஷயம் அதுதான். மேல்பக்கம் கைக்கு எட்டுகிறது, தொடச் சுலபம். ஆனால் அது ரம்பம் போன போக்கில் உள்ள முகம். வெர்னியரில் பிடித்த மூலையில் 26.40 இருந்திருக்கும், டூல் தொட்ட நடுப்பகுதியில் 26.55 இருந்திருக்கும். பையன் என்ன செய்வான்? மேலே தொட்ட புள்ளியை 26.40 என்று எண்ணி, அங்கிருந்து கீழே 26.40 கழித்து அடிமுகத்தைக் கணக்கிடுவான். உண்மையான அடிமுகத்துக்கு 0.15 மேலே பூஜ்ஜியம் போய் உட்கார்ந்துவிடும். காடியின் தரை 12.00-க்குப் பதில் 12.15. அனுமதித்த அளவைப் போல ஏழு மடங்குக்கும் மேல். இன்னும் மோசம் என்னவென்றால், ஜாப் எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

ஆகவே A முகத்தைத்தான் தொட வேண்டும். ஆனால் கட்டையை வைஸில் வைத்ததும் A முகம் கீழே போய் மறைந்துவிடுகிறதே, எப்படித் தொடுவது? கட்டையைத் தொட வேண்டியதில்லை. அது எதன் மேல் உட்காரப் போகிறதோ அதைத் தொட்டால் போதும். வைஸுக்குள் கட்டைக்கு அடியில் இரண்டு பேரலல் வைக்கிறோம். கிரைண்டிங் செய்த, ஒரே உயரமுள்ள எஃகுப் பட்டைகள் அவை. கட்டை சரியாக உட்கார்ந்தால் பேரலலின் மேல்முகமும் கட்டையின் A முகமும் ஒரே மட்டம். அதனால் ஜாப்பை ஏற்றுவதற்கு முன்பே Z பூஜ்ஜியத்தை எடுத்துவிடலாம்.

இதற்குப் பயன்படும் கருவி Z செட்டர். டயல் பதித்த ஒரு சின்னக் குட்டை உருளை. மேல்தட்டை டூல் அழுத்தி, டயல் முள் பூஜ்ஜியத்துக்கு வரும் கணத்தில் அதன் உயரம் சரியாக 50.000 மில்லிமீட்டர். சில இடங்களில் இன்னும் தாளை வைத்து, தாள் இழுபடாமல் பிடிக்கும் வரை டூலை இறக்குகிறார்கள். தாளின் 0.1-ஐக் கழித்தாலும், இழுக்கிற கைக்குக் கை நூறில் இரண்டு மூன்று மாறும். ±0.02 கேட்கிற வேலைக்கு அது போதாது.

முதலில் டூல்கள். மேஜையில் ஓர் இடத்தைத் துடைத்து, கையால் தடவிப் பார்த்து, செட்டரை வைக்கிறோம். மேஜையில் ஒட்டிய ஒரு துளி சிப் கூட எண்ணில் வந்து சேரும் என்பதால் இந்தத் தடவல் முக்கியம். ஸ்பிண்டில் சுற்றாமல், ஹேண்ட் வீலைப் பிடித்து T1-ஐ இறக்குகிறோம். நெருங்கும்போது வீலின் பெருக்கத்தை ×10-க்கும், தொடும் நேரத்தில் ×1-க்கும் மாற்ற வேண்டும். ×100-லேயே விட்டுவிட்டு ஒரு கிளிக் சுற்றினால் 0.1 மில்லிமீட்டர் ஒரே அடியாக இறங்கிவிடும். முள் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் திரையில் MACHINE என்ற தலைப்பின் கீழுள்ள Z எண்ணைப் படிக்க வேண்டும். பக்கத்திலேயே ABSOLUTE, RELATIVE என்று வேறு இரண்டு எண்கள் இருக்கும். அவற்றில் பழைய ஆஃப்செட்டின் பாக்கி கலந்திருக்கலாம். எழுத வேண்டியது MACHINE மட்டுமே.

நமக்குக் கிடைத்தவை இவை. T1 ஃபேஸ் மில் -398.420. T2 எண்ட் மில் -372.615. T3 ட்ரில் -341.280. இவை அப்படியே H1, H2, H3. ட்ரில்தான் எல்லாவற்றிலும் நீளம். அதனால் கொஞ்ச தூரம் இறங்கியதுமே செட்டரைத் தொட்டுவிட்டது, எண்ணும் சிறியது. ஃபேஸ் மில் குட்டை. வெகுதூரம் இறங்க வேண்டியிருந்தது. ரீடிங் எடுத்ததும் டூல்களைக் கண்ணால் பார்த்து நீளத்தின் வரிசையும் எண்ணின் வரிசையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எண்ணை இடம் மாற்றி எழுதியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

அடுத்தது ஜாப்பின் Z. அதே செட்டரை இப்போது வைஸுக்குள், பேரலலின் மேல் வைத்து, T1-ஆல் மறுபடி தொடுகிறோம். ரீடிங் -288.380. மேஜையில் தொட்டபோது -398.420. இரண்டுக்கும் வித்தியாசம் 110.040. அதாவது பேரலலின் மேல்முகம், மேஜையிலிருந்து 110.040 உயரத்தில் இருக்கிறது. நாம் டூல்களைத் தொட்ட இடமோ மேஜையிலிருந்து 50.000 உயரத்தில், செட்டரின் தலையில். ஆக A முகம் அந்த இடத்துக்கு 60.040 மேலே. G54-இன் Z-க்கு எழுத வேண்டிய எண் இதுதான்: 60.040.

இந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வாய்ப்பாட்டில் T1-ஐப் போட்டுப் புரோகிராமின் Z-ஐ 50 என்று வையுங்கள். 60.040-இல் 398.420-ஐக் கழித்து 50-ஐக் கூட்டினால் -288.380. பேரலல் மேல் செட்டரை வைத்துத் தொட்ட அதே ரீடிங் திரும்ப வருகிறது. இது தாளில் நடக்கிற சோதனை. மெஷினில் நடத்துகிற சோதனை T2, T3 இரண்டுக்கும்தான் அதிகம் தேவை. செட்டரைப் பேரலல் மேலேயே விட்டு, எண்ட் மில்லை ஏற்றி, செட்டருக்கு நேர் மேலே கொண்டுவந்து, எம்.டி.ஐ.யில் இப்படிக் கொடுக்கலாம்:

```
G90 G54
G01 G43 H2 Z60. F500
```

இப்போது டூலின் முனை A மட்டத்துக்கு 60 மேலே, அதாவது செட்டரின் தலைக்கு 10 மில்லிமீட்டர் மேலே வந்து நிற்க வேண்டும். கண்ணுக்கு 10 மாதிரி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஹேண்ட் வீலில் மெல்ல இறக்கினால், திரையில் ABSOLUTE 50.000 காட்டும்போது டயல் முள் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். இருந்தால் H2-வும் G54-இன் Z-யும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. ட்ரில்லுக்கும் இதே மாதிரி ஒருமுறை பார்த்துவிட்டால் கவலை இல்லை. பையன்கள் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகத்தான் பார்ப்பார்கள். சில நிமிடம் பிடிக்கும் வேலைதான். கைவிடக் கூடாதது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே தப்பு இருந்தால் அது ஓர் அளவு தவறாமல், மோதலாகவும் முடியலாம். T3 நீளமான ட்ரில். அதற்கு H3-க்குப் பதில் யாராவது H1 என்று எழுதிவிட்டால், மெஷின் அதைக் குட்டையான ஃபேஸ் மில் என்று நம்பி, 57.140 மில்லிமீட்டர் கூடுதலாக இறக்கிவிடும். ட்ரில் கட்டையைத் துளைத்து வைஸின் அடித்தளத்தில் போய்க் குத்தும். தலைகீழாக, ஃபேஸ் மில்லுக்கு H3 கொடுத்தால் அது காற்றில் சுற்றும், சேதம் இல்லை.

G43 என்பது 'H-ஐக் கூட்டிக்கொள்' என்ற கட்டளை. அதை எழுத மறந்தால் என்ன ஆகும் என்பது நாம் எந்த முறையில் ஆஃப்செட் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. நம் முறையில் G54-இன் Z பிளஸ்ஸில் இருப்பதால், H சேராவிட்டால் மெஷின் ஹோமுக்கும் மேலே போகப் பார்த்து, ஓவர்டிராவல் அலாரம் அடித்து நின்றுவிடும். வேறு சில பட்டறைகளில் ஸ்பிண்டில் மூக்கிலிருந்து டூல் முனை வரை உள்ள உண்மையான நீளத்தையே பிளஸ் எண்ணாக H-இல் வைப்பார்கள். G54-இன் Z பெரிய மைனஸாக இருக்கும். டூல் நீளத்தைத் தனிக் கருவியில் வெளியே வைத்தே அளந்துவிடலாம் என்பது அதன் வசதி. ஆனால் அங்கே G43 விட்டுப்போனால் ஸ்பிண்டில் மூக்கையே ஜாப்பை நோக்கி மெஷின் இறக்கும். இரண்டும் நல்ல முறைகள்தான். ஒரே மெஷினில் இரண்டையும் கலப்பதுதான் ஆபத்து. இரவு ஷிஃப்ட்காரர் ஒரு முறையிலும் பகல் ஷிஃப்ட்காரர் இன்னொரு முறையிலும் எடுத்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஸ்பிண்டில் அடிபடும்.

இனி X, Y. இங்கேயும் அதே நியாயம்தான்: B முகம் எதன் மேல் சாய்கிறதோ அதைத் தொடு. வைஸின் நகராத தாடை பின்பக்கம் இருக்கிறது. கட்டையின் B முகம் அதன் மேல்தான் அழுந்தப் போகிறது. அந்தத் தாடை X அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று டயலை ஓட்டி முன்பே நேர்ப்படுத்தியிருக்க வேண்டும். ஜாப் இல்லாத நேரத்திலேயே தாடையின் முகத்தைத் தொட்டு Y எடுத்துவிடலாம்.

தொடுவது எட்ஜ் ஃபைண்டரால். ஸ்பிண்டிலில் மாட்டும் ஒரு தண்டு. அதன் நுனித் துண்டு உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு ஆடும். நுனியின் விட்டம் 10 மில்லிமீட்டர். ஸ்பிண்டிலைச் சுமார் 600 முதல் 1,000 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றவிட்டால் நுனி தள்ளாடும். முகத்தை நெருங்கித் தொடத் தொட தள்ளாட்டம் குறைந்து, தண்டும் நுனியும் ஒன்றே போல் நேராகச் சுற்றும். இன்னும் ஒரு நூலிழை நகர்த்தினால் நுனி சட்டென்று பக்கவாட்டில் விலகிவிடும். அந்த விலகல்தான் ரீடிங் எடுக்கும் கணம். வேகமாக நகர்த்தித் தாண்டிப் போய்விட்டால், அப்படியே பின்னால் இழுத்துத் திருத்தக் கூடாது. ஸ்குரூவின் பேக்லாஷ் ரீடிங்கில் புகுந்துவிடும். நன்றாக விலகி வந்து, மறுபடி அதே திசையில் மெல்ல நெருங்க வேண்டும்.

தாடையைத் தொட்டபோது MACHINE Y -187.340. ஆனால் இது தாடையின் இடம் அல்ல, ஸ்பிண்டில் மையத்தின் இடம். நுனியின் ஆரம் 5 மில்லிமீட்டர் என்பதால் தாடை இன்னும் 5 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. ஆக Y பூஜ்ஜியம் -182.340. இதைக் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. எட்ஜ் ஃபைண்டர் தொட்டபடி இருக்கையில் G54 திரையில் `Y-5.` என்று அடித்து MEASURE-ஐ அழுத்தினால், 'நான் இப்போது ஜாப்பின் கணக்கில் Y -5-இல் நிற்கிறேன்' என்று மெஷினுக்குச் சொல்கிறோம். மீதியை அது கழித்துக்கொள்ளும். 5-க்குப் பின்னால் இருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். பல ஃபனுக் மெஷின்களில் புள்ளி இல்லாமல் 5 என்று அடித்தால் அது 0.005 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இடது முனை C-க்கு ஒரு ஸ்டாப்பர் பின் வைத்திருக்கிறோம். முதல் கட்டையை ஏற்றி ஸ்டாப்பரோடு சேர்த்து இறுக்கி, பின் மறைக்காத இடத்தில் முனையை இடப்பக்கமிருந்து தொடுகிறோம். X ரீடிங் -412.655. மையம் இடப்பக்கம் 5 தள்ளி நிற்பதால் `X-5.` கொடுக்க, பூஜ்ஜியம் -407.655 என்று விழுகிறது.

டிராயிங்கில் ஒரு துளை C-யிலிருந்து 30.00. முதல் ஜாப்பில் அது எங்கே விழுந்தது என்று அளந்தாலே, தவறு இருந்தால் எந்தத் தவறு என்று தெரிந்துவிடும். 25 வந்திருந்தால் ஆரத்தைச் சேர்க்கவே மறந்துவிட்டோம். 20 வந்திருந்தால் `X-5.`-க்குப் பதில் `X5.` கொடுத்திருக்கிறோம். தப்பான பக்கம் ஆரம் சேர்ந்து, வித்தியாசம் முழு விட்டமாகிவிட்டது. இரண்டும் இல்லாமல் 29.96 போல வந்தால் அது எண் அடித்ததில் வந்த பிழையாக இருக்காது. முனையில் பர் இருந்ததா, ஸ்டாப்பரில் கட்டை சரியாக ஒட்டவில்லையா, ட்ரில் நழுவியதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது G54-இன் பூஜ்ஜியம் கட்டையின் அடியில், பின்னால், இடது மூலையில் இருக்கிறது: A, B, C மூன்றும் சந்திக்கும் மூலை. புரோகிராமில் ஃபேஸிங் Z25., காடியின் தரை Z12., துளை X30. Y-20. டிராயிங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரோகிராமைப் படித்தால் எண்கள் அப்படியே கண்ணில் படும். மைனஸ் Z என்றால் உலோகத்துக்குள் என்ற பழக்கத்துக்காகப் பல பட்டறைகளில் மேல்முகத்தையே Z பூஜ்ஜியமாக வைத்துத்தான் புரோகிராம் எழுதுவார்கள். அதுவும் செய்யலாம். ஆனால் அந்த மேல்முகம் ரம்பம் அறுத்த முகமாக இருக்கக் கூடாது, A-யிலிருந்து 25.000 மேலே என்று கணக்கிட்ட இடமாக இருக்க வேண்டும். G54-இன் Z 85.040 ஆகும், காடி Z-13. ஆகும். தொட்ட இடம் அதே பேரலல்தான்.

முதல் ஜாப் சிங்கிள் பிளாக்கில், ரேப்பிட் குறைந்தபட்சத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு டூலும் ஜாப்பை நெருங்கும்போது, இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று திரை காட்டும் எண்ணையும், கண்ணெதிரே தெரியும் இடைவெளியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திரை 40 பாக்கி என்று சொல்லும்போது கண்ணுக்கு ஒரு விரல்கடைதான் தெரிந்தால், ஃபீட் ஹோல்டை அழுத்திவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

ஓடி முடிந்ததும் சர்ஃபேஸ் பிளேட்டில் A முகத்தை வைத்து இரண்டு உயரங்களை அளக்கிறோம்: ஃபேஸ் மில் வெட்டிய மேல்முகம், எண்ட் மில் வெட்டிய காடித் தரை. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் ஒரு நல்ல செட்டரின் திறமை தெரியும். இரண்டும் ஒரே அளவு கூடியிருந்தால் குற்றம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது G54-இன் Z-இல். பேரலல் மேல் செட்டரை வைத்தபோது அடியில் ஏதோ இருந்திருக்கும். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால், கட்டை பேரலலில் ஒட்டவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டை 0.03 தூக்கிக்கொண்டு நின்றால், டூல் பேரலலிலிருந்து 12.00-இல் வெட்டும், ஆனால் A முகமே 0.03 மேலே இருப்பதால் காடியின் அளவு 11.97 ஆகிவிடும். நகரும் தாடையை இறுக்கும்போது அது கட்டையைச் சற்றுத் தூக்கிவிடுவது வழக்கம். பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, பேரலல் இரண்டும் கையால் அசைத்தால் அசையாமல் பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

ஜாப்புக்கு ஜாப் இந்தக் குறைவு தாறுமாறாக மாறினால் சிப்போ தூக்கலோதான் காரணம். காலையிலிருந்து சீராக, கொஞ்சம் கொஞ்சமாக எல்லா உயரமும் குறைந்துகொண்டே வந்தால் அது வெப்பம். ஸ்பிண்டில் சூடாகி நீள்கிறது. டூல் முனை கீழே வருகிறது. குளிர்ந்த மெஷினில் எடுத்த ஆஃப்செட் மதியம் வரை அப்படியே நிற்காது. ஸ்பிண்டிலைக் கால் மணி நேரமாவது சுற்றவிட்டுப் பிறகு தொடுவது நல்லது.

நம் கதையில் முதல் ஜாப் சரியாக வந்துவிட்டது. லாட் ஓடுகிறது. பிற்பகலில் ஒரு ஜாப்பை எடுத்து அளந்தால் மேல்முகம் 25.004, காடித் தரை 12.028. மேல்முகம் அப்படியே இருக்கிறது. காடி மட்டும் மேலேறிவிட்டது. ஆகவே G54-ஐத் தொடக் கூடாது. எண்ட் மில்லின் முனை தேய்ந்து குட்டையாகிவிட்டது. இனி அது 0.028 கூடுதலாக இறங்க வேண்டும். H2-வுக்கு ஃபனுக் திரையில் இரண்டு பத்திகள் உண்டு, GEOM என்றும் WEAR என்றும். காலையில் தொட்டு எடுத்த -372.615 GEOM பத்தியில் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். WEAR பத்தியில் -0.028 எழுதினால், மெஷின் இரண்டையும் கூட்டி -372.643 என்று எடுத்துக்கொள்ளும். இங்கே INPUT, +INPUT என்று இரண்டு சாஃப்ட் கீ இருப்பதையும் மறக்கக் கூடாது. INPUT பழைய எண்ணை அழித்துப் புதியதை வைக்கும். +INPUT பழையதோடு கூட்டும். இரண்டாவது முறை திருத்தம் கொடுக்கும்போது INPUT-ஐ அழுத்திவிட்டால் முதல் திருத்தம் காணாமல் போய்விடும்.

பட்டறைகளில் நிறைய ரிஜெக்ஷன் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். தேய்ந்த எண்ட் மில்லைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். செட்டரை மேஜையில் வைத்துத் தொட்டு, GEOM பத்தியில் புது எண்ணை எழுதுகிறார்கள். எல்லாம் ஒழுங்கு. ஆனால் WEAR பத்தியில் பழைய -0.028 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புது டூல் தேயவே இல்லை. ஆனாலும் மெஷின் அதைத் தேய்ந்ததாக எண்ணி 0.028 ஆழமாக இறக்குகிறது. காடித் தரை 11.972. கீழ் எல்லை 11.98. 12.028 வந்தபோது ஜாப்பை மறுபடி ஏற்றி இன்னும் கொஞ்சம் சீவிக் காப்பாற்ற வழி இருந்தது. இதில் வழியே இல்லை. அதனால் டூல் மாற்றும்போது முதலில் WEAR-ஐப் பூஜ்ஜியமாக்கு, பிறகு தொடு என்பதுதான் வரிசை. G54 பக்கம் போகவே வேண்டாம்; பேரலலும் தாடையும் ஸ்டாப்பரும் காலையில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.